நோட்டில் இருக்கிற மூஞ்சி எதற்குச் சிரிக்கிறது?

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், அவர்கள் திருத்திய நோட்டுகளைப் பார்வையிடும் தலைமை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் முப்பத்தோரு வருடம் உங்கள் வேலையைச் செய்து ஓய்வு பெற்றவள். இப்போது பாளையங்கோட்டையில் சாயங்காலம் ஆறு மணியானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் நோட்டோடு வந்து உட்காருவார்கள். ஒன்பது பேரும் நாலு பள்ளிக்கூடம். அதனால் நாலு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களின் கைவேலையும் தினமும் என் கண்ணில் படுகிறது. அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்: வீட்டுப்பாடத்தின் அடியில் நீங்கள் குத்துகிற ஈமோஜி ஸ்டாம்ப்.

போன மாதம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கு நோட்டைக் காட்டினான். பத்துக் கழித்தல் கணக்கு. ஏழுக்கு டிக், மூன்றுக்குப் பெருக்கல் குறி. அடியில் ஊதா மையில் ஒரு வட்ட மூஞ்சி, கொஞ்சமாகச் சிரித்துக்கொண்டு. "மிஸ் என்னடா சொல்லியிருக்காங்க?" என்று கேட்டேன். மூஞ்சியை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னிக்கு என் மேல லேசா கோவம் பாட்டி. நேத்து பெருசா சிரிச்சாங்க."

அவனைப் பொறுத்தவரை அது கணக்கைப் பற்றிய சேதி இல்லை. மிஸ்ஸின் முகம் அது. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே அந்த முகம் சுருங்கிவிட்டது, ஏனென்று தெரியவில்லை. "எந்தக் கணக்குல தப்பு?" என்று கேட்டதும் பெருக்கல் குறி போட்ட மூன்றையும் சரியாகக் காட்டினான். "ஏன் தப்பு?" என்றதற்கு உதட்டைப் பிதுக்கினான்.

இதைக் கண்ட பிறகு ஒன்பது பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். இது ஆராய்ச்சி இல்லை, திண்ணைப் பேச்சு. இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய பேச்சு.

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் மிஸ்ஸிடம் இருக்கும் ஆறு ஸ்டாம்பையும் மேலிருந்து கீழே வரிசைப்படுத்திச் சொன்னாள். கண்ணில் ஹார்ட் வைத்த மூஞ்சிதான் உச்சம். அடுத்தது கண்ணில் நட்சத்திரம். பிறகு பல் தெரியும் சிரிப்பு, வாய் மூடிய சிரிப்பு, நேர்கோட்டு வாய், கடைசியில் அழுமூஞ்சி. வகுப்பில் யாருக்கு இந்த வாரம் எத்தனை ஹார்ட் என்பதும் அவளுக்கு மனப்பாடம். ஆறு படம் என்றால் ஆறு ரேங்க், அவ்வளவுதான். ரேங்க் வேண்டாமென்றுதானே படத்துக்கு வந்தோம்? அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று எவ்வளவு அழகாகப் பெயர் வைத்தோம். எது மேல், எது கீழ் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே படத்துக்கு எல்லாரும் ஒரே பொருள் கொள்வதும் இல்லை. கண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சியை ஒரு வாண்டு அழுகிற மூஞ்சி என்றே நினைத்திருந்தான். நாக்கை நீட்டும் மூஞ்சி விளையாட்டாகக் குத்தப்பட்டிருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டவே இல்லை என்றாள் ஒருத்தி. "என்னைப் பழிச்சுக் காட்டுறாங்க" என்பது அவள் கட்சி. இன்னொரு பையன், சிவப்பு மையில் எது வந்தாலும் தப்பு என்றே வைத்திருக்கிறான், அது சிரித்தாலும் சரி. தமிழ் மிஸ் எல்லாருக்கும் நட்சத்திரம் போடுகிறவர், கணக்கு சார் வாரத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் போடுகிறவர் என்றால், ஒரே நட்சத்திரம் ஒரு நோட்டில் செல்லாக்காசு, இன்னொரு நோட்டில் தங்கக்காசு.

படத்தை மட்டும் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். ஜப்பான் பள்ளிகளில் ஹனமாரு என்று ஒன்று உண்டு. நன்றாகச் செய்த வேலையின் மேல் ஆசிரியர் சிவப்புப் பேனாவில் ஒரு சுழி வட்டம் போட்டு, சுற்றிலும் பூவிதழ் வரைவார். இன்னும் மகிழ்ந்துவிட்டால் காம்பும் இலையும்கூட முளைக்கும். அங்கே சரியான விடைக்கு வட்டம்தான், நம்முடைய டிக் மாதிரிக் குறி போட்டால் தப்பு என்று பொருள். குறி எல்லாமே ஊர்ப் பழக்கம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? அந்தப் பூவுக்கும் பிறகு ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. 'மிக நன்றாகச் செய்தாய்' என்று ஜப்பானிய எழுத்தில் பொறித்த அந்தப் பூ ஸ்டாம்ப், 2010இல் யூனிகோடு பட்டியலில் ஈமோஜியாகவே ஏறிவிட்டது. இப்போது உங்கள் கைப்பேசியிலும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஆசிரியரின் ஸ்டாம்ப் ஈமோஜி ஆனது அங்கே. ஈமோஜி ஆசிரியரின் ஸ்டாம்ப் ஆனது இங்கே. நடுவில் காணாமல் போனது கையால் வரைந்த காம்பும் இலையும். ஒரு பிள்ளைக்காக இரண்டு இலை கூடுதலாக வரைய மெனக்கெட்டிருக்கிறார் என்றால், அந்த மெனக்கெடல்தான் பிள்ளைக்குப் பாராட்டு. ஸ்டாம்பில் அதற்கு வழியே இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பிறர் நோட்டையே குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. நானும் ஸ்டாம்ப் வைத்திருந்தேன். மை தானாக ஏறுகிற வகை வந்த புதிதில், பள்ளிக்கு வந்த விற்பனைக்காரரிடம் ஆசையாய் வாங்கியது. மூன்று மூஞ்சி. ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பையன் நோட்டில் அழுமூஞ்சியைக் குத்திவிட்டேன். அடுத்த நாள் அந்தப் பக்கத்தில் ஒரு ஓட்டை. எச்சில் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருக்கிறான். மை போகவில்லை, காகிதம்தான் போயிருந்தது. ஓட்டைக்குப் பின்னால் வேறொரு தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் அவனே ஒரு சிரிப்பு மூஞ்சி வரைந்து வைத்திருந்தான். எழுத்துகள் அப்படியே கிடந்தன. நான் எதைத் திருத்தச் சொன்னேனோ அதை அவன் தொடவில்லை, எது அவனுக்குச் சுட்டதோ அதைத் திருத்திவிட்டான். அன்றைக்கே அந்த ஸ்டாம்பைத் தூக்கிப் போட்டேன் என்று சொன்னால் பொய். அழுமூஞ்சியை மட்டும்தான் நிறுத்தினேன். மற்ற இரண்டும் ஓய்வு பெறுகிற வரை மேசை டிராயரில் இருந்தன.

படமும் இருக்கட்டும், பக்கத்தில் ஒரு வரியும் எழுதிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ரூத் பட்லர் என்ற இஸ்ரேல் ஆராய்ச்சியாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவர் 132 பேர். ஒரு பகுதியினருக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றி எழுதிய குறிப்பு மட்டும், இன்னொரு பகுதிக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவது பகுதிக்கு இரண்டும் சேர்த்து. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையை மேலாகச் செய்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் வாங்கியவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். மதிப்பெண் பக்கத்தில் இருந்ததும் குறிப்பு வேலை செய்யாமல் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம் அவரே வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வெறும் பாராட்டுச் சொல் பெற்ற பிள்ளைகளும் மதிப்பெண் பெற்றவர்களைப் போலவே, வேலையை விட்டுவிட்டுத் தங்களைப் பற்றி நினைக்கத் தொடங்கியதாகத் தெரிந்தது. அவர் ஈமோஜியைச் சோதிக்கவில்லை, அந்தக் காலத்தில் ஈமோஜியே கிடையாது. ஆனால் ஆறு மூஞ்சிக்கு ரேங்க் போட்டு வைத்திருக்கும் அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு ஸ்டாம்ப் மதிப்பெண்தான். அவள் நோட்டில் மிஸ் எழுதியிருந்த 'ல, ள கவனி' என்ற குறிப்பு ஹார்ட் கண்ணுக்கு நாலு விரற்கடை தள்ளித்தான் இருந்தது. "இதைப் பாத்தியா?" என்றேன். "அதுவா, எழுதியிருக்காங்க" என்றாள்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்க மாட்டேன். அமெரிக்காவில் மாரிஸ், ஜென்டால் என்ற இருவர் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. 'நீ கெட்டிக்காரன்' என்ற வகைப் பாராட்டைவிட, கட்டைவிரல் காட்டுவது, கையோடு கை தட்டிக்கொள்வது போன்ற சைகைப் பாராட்டு, பிள்ளைகள் தவறு செய்த பிறகும் தொடர்ந்து முயல உதவியது என்று கண்டார்கள். எதைப் பாராட்டுகிறோம் என்று சைகை வாயைத் திறந்து சொல்வதில்லை, பிள்ளை தன் உழைப்புக்கென்றே எடுத்துக்கொள்ளலாம். அங்கன்வாடி முடித்து முதல் வகுப்புக்கு வந்த பிஞ்சுக்கு, எழுத்துக்கூட்டியே படிக்கத் தெரியாத வயதில், நீங்கள் பத்தி பத்தியாக எழுதி என்ன ஆகப்போகிறது? அந்த வயதுக்கு ஒரு சிரிப்புப் படம் 'உன் நோட்டைப் பார்த்தேன் கண்ணு' என்று சொல்கிற வணக்கம். வணக்கத்துக்கு யாரும் ரேங்க் போட மாட்டார்கள், ஒரே ஒரு படமாக எல்லாருக்கும் போட்டால்.

முதலிரண்டு வகுப்புக்கு நான் கடைசிக் காலத்தில் கண்டுபிடித்த ஒரு வழி உண்டு. இரட்டைக்கோடு நோட்டில் 'ழ' என்று இருபது தடவை எழுதியிருப்பான். அதில் ஒன்று மட்டும், சுழியும் கீழ்வாலும் அமைந்து, லட்சணமாக வந்திருக்கும். அந்த ஒன்றைச் சுற்றி மட்டும் பச்சைப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுப்பேன், வேறொன்றும் எழுத மாட்டேன். பையன் அந்த வட்டத்தையும் மற்ற பத்தொன்பதையும் மாறி மாறிப் பார்ப்பான். அது படம்தான், ஆனால் எழுத்தின் மேல் விழுந்த படம்.

இனி எழுதுகிற குறிப்புக்கு வருவோம். எழுதிவிட்டாலே எல்லாம் சரியாகிவிடாது. நாம் எழுதுவதில் பாதி, எழுத்தில் குத்திய ஸ்டாம்ப்தான். 'குட்', 'வெரி குட்', 'கவனம் தேவை', 'இன்னும் முயற்சி செய்', 'கையெழுத்தை மேம்படுத்து'. இவற்றில் ஏதாவது ஒன்றை எந்தப் பிள்ளையின் எந்தப் பாடத்தின் கீழும் எழுதலாம். ஒரு குறிப்பை அடுத்த பிள்ளையின் நோட்டுக்கு மாற்றி வைத்தாலும் பொருந்துகிறது என்றால், அதை எழுதிய நேரத்துக்கு ஸ்டாம்ப் குத்தியிருக்கலாம். ஆங்கில வழிப் பள்ளிகளில் இன்னொரு கூத்து. 'நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' என்று ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதியிருக்கும். அது பிள்ளைக்கா, பெற்றோருக்கா? அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும் திறமை வந்துவிட்டால் அவனுக்கு இம்ப்ரூவ்மென்டே தேவைப்படாது.

முதலில் சொன்ன பையனுக்கே திரும்புகிறேன். அவனுடைய மூன்று தப்பையும் பாருங்கள். 52இலிருந்து 27 போனால் 35 என்று போட்டிருந்தான். 63இலிருந்து 48 போனால் 25. 80இலிருந்து 34 போனால் 54. சரியான விடைகள் 25, 15, 46. மேலோட்டமாகப் பார்த்தால் கவனக்குறைவு மாதிரி இருக்கும். இல்லை, மூன்றிலும் ஒரே தப்பு. 2இலிருந்து 7 போகாது என்று தெரிந்ததும் திருப்பிப் போட்டு 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டான். 3க்கும் 8க்கும் அதேதான், 0க்கும் 4க்கும் அதேதான். சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று என்றோ கேட்டதை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறான். டிக் வாங்கிய ஏழும் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள். ஆக, பத்துக்கு ஏழு என்பதே பொய்க்கணக்கு. கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது என்பதுதான் அந்தப் பக்கத்தில் உள்ள செய்தி. பாதிச் சிரிப்பு மூஞ்சி அதைச் சொல்லுமா? 'கவனமாகச் செய்' என்பதும் சொல்லாது. சொல்லப்போனால் அது அவனைக் குழப்பும், அவன் கவனமாகத்தான் செய்திருக்கிறான்.

திண்ணையில் வைத்திருக்கும் அவனுடைய ரஃப் நோட்டில் நான் இப்படி எழுதினேன்: 'பத்துகளை எல்லாக் கணக்கிலும் ஒழுங்காகக் கழித்திருக்கிறாய். முதல் தப்புக் கணக்கில் உன்னிடம் 2 மிட்டாய் இருக்கிறது, 7 கொடுக்க வேண்டும். பக்கத்தில் பத்து மிட்டாய்ப் பொட்டலம் 5 இருக்கிறது. என்ன செய்வாய்? படம் போட்டுக் காட்டு.' மூன்று விஷயம்தான் இதில் இருக்கிறது. அவன் உண்மையாகவே சரியாகச் செய்தது ஒன்று. தப்பு எந்த இடத்தில் என்பது ஒன்று. மூன்றாவது, அவன் கை வைத்துச் செய்ய ஒரு வேலை. விடையை எழுதிக் கொடுக்கவில்லை, கொடுத்தால் அதைப் பார்த்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுவான். இந்த மூன்றாவது இல்லாத குறிப்பைப் பிள்ளைகள் படிப்பதில்லை என்பது என் அனுபவம். படித்து என்ன செய்வது? பக்கம் முடிந்துவிட்டது, நாளைக்கு வேறு பாடம்.

கணக்கில் இப்படி என்றால் கட்டுரையில் படம் இன்னும் கொடுமை செய்கிறது. 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எல்லாரும் எழுதுகிற தேர், பொரி, பலூன். நடுவில் ஒரு வரி: 'ராட்டினம் மேலே போனப்ப அம்மா ரொம்ப சின்னதா தெரிஞ்சாங்க, நான் கத்தி கூப்பிட்டேன்.' திருத்தியவர் 'தெரிஞ்சாங்க' என்பதை அடித்து 'தெரிந்தார்' என்று மாற்றியிருந்தார். அடியில் கண்ணில் நட்சத்திரம் வைத்த மூஞ்சி. அதுவும் அந்த வரியின் மேலேயே பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. பிள்ளைக்கு மகிழ்ச்சிதான், துள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். எதற்காக நட்சத்திரம் என்று கேட்டேன். "ஒரு பக்கம் ஃபுல்லா எழுதுனேன்ல" என்றாள். அடுத்த கட்டுரையைப் பக்கம் நிரப்புவதற்காகவே எழுதினாள், எழுத்தைப் பெரிது பெரிதாக்கி. 'அம்மா சின்னதாகத் தெரிந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால், எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயமான கேள்வி. வகுப்பில் 38 பேர், நாலு பாடம், ஒரு நாளைக்கு 152 நோட்டு. நோட்டுக்கு ஒரு நிமிடம் எழுதினாலே இரண்டரை மணி நேரம். யாராலும் முடியாது, ஸ்டாம்ப் பிறந்ததே அதனால்தான். அதனால் எல்லா நோட்டிலும் எழுதாதீர்கள். ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு பாடத்தில் மட்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். மற்ற நோட்டுகளுக்கு டிக்கும் கையெழுத்தும் போதும், மூஞ்சி வேண்டாம். குறிப்பு கிடைத்த எட்டுப் பேருக்கும் மறுநாள் அந்தப் பாடவேளையில் முதல் ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். குறிப்புக்குக் கீழேயே அவர்கள் பதில் எழுதட்டும் அல்லது கணக்கை மறுபடி போடட்டும். அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க முடியாவிட்டால் முந்தைய நாள் எழுதிய எட்டு நிமிடமும் வீண்தான்.

தலைமை ஆசிரியர்களே, இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிரியர் ஸ்டாம்ப் குத்துவது பிள்ளைக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும்தான். வட்டாரக் கல்வி அலுவலரான பி.இ.ஓ. வருகிறார் என்றால் முதல் நாள் சாயங்காலம் எந்தப் பக்கத்திலும் மை இல்லாமல் இருக்கக் கூடாது என்று ஓடுவோமே, நானும் ஓடியிருக்கிறேன். மூன்று வாரத்து நோட்டை ஒரே இருப்பில் குத்தித் தள்ளியிருக்கிறேன், பின்பக்கம் மை ஊறி அடுத்த பாடத்திலும் ஒரு மூஞ்சி மங்கலாகச் சிரிக்கும். பார்வையிடும்போது எத்தனை பக்கத்தில் மை இருக்கிறது என்று புரட்டாதீர்கள். பத்து நோட்டை எடுத்து, ஆசிரியர் எழுதிய குறிப்புக்குக் கீழே பிள்ளை ஏதாவது செய்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெற்றோர் கூட்டத்தில் "எங்க பிள்ளை நோட்டுல ஸ்டாரே இல்லையே" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அந்த ஆசிரியரைத் தனியாக விடாதீர்கள்.

ஸ்டாம்பைக் காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்பவர்கள் ஒன்றிரண்டாம் வகுப்புக்கு ஒரே ஒரு சிரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டு வாயையும் அழுமூஞ்சியையும் மட்டும் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

அந்தப் பையன் மறுநாள் வந்தான். பொட்டலம் ஐந்து வரைந்து, ஒன்றைப் பிரித்து, பன்னிரண்டு மிட்டாயில் ஏழை அடித்து, 25 என்று எழுதியிருந்தான். மற்ற இரண்டையும் நான் சொல்லாமலே மறுபடி போட்டிருந்தான். 80இலிருந்து 34ஐக் கழிப்பதில் சுழிக்குக் கடன் வாங்கத் தடுமாறி மூன்று தடவை அழித்திருப்பது தெரிந்தது, விடை 46 சரி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: 'பக்கத்து வீட்டுல கடன் வாங்குனத எப்ப திருப்பிக் குடுக்கணும் பாட்டி?'

மிட்டாய் என்று எழுதியவள் நான், பக்கத்து வீடு என்று சொல்லிக்கொடுத்தது அவன் மிஸ். இரண்டையும் அவன் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டான். இதற்கு எந்த மூஞ்சியைக் குத்துவது? இன்னும் பதில் எழுதவில்லை. இந்த மடலை முடித்துவிட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தியாய் இருந்தவள்,
பாளையங்கோட்டை